ஒரே மாடல், மூன்று ட்யூனிங்: நீராவித் தொட்டிக்கு எதைப் போடலாம்?

ஸ்டெப் டெஸ்ட் எடுத்தாயிற்று, மாடலும் கையில் இருக்கிறது. கெயின், டைம் கான்ஸ்டன்ட், டெட் டைம் என்று மூன்று எண்கள். அடுத்தது கண்ட்ரோலருக்குள் போடும் எண்கள். இங்கே பலரும் "லாம்டா ட்யூனிங் போடு" என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பெயரில் புழங்குவது ஒரு முறை இல்லை, ஒரு குடும்பம். அதில் யாரைக் கூப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து, அதே தொட்டி ஒரு தொந்தரவிலிருந்து ஐந்தாறு நிமிடத்திலும் மீளலாம், முக்கால் மணி நேரமும் எடுக்கலாம். அதனால் ஒரே ஒரு லூப்பை எடுத்துக்கொண்டு, மூன்று விதமாக எண் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஐ.எம்.சி. என்கிற இன்டர்னல் மாடல் கண்ட்ரோலில், ஆலையில் ஓடும் ப்ராசஸுக்குப் பக்கத்திலேயே அதன் மாடலும் கணக்கில் ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே வால்வு சிக்னல் போகிறது. நிஜத்தில் வந்த அளவும் மாடல் சொன்ன அளவும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது மட்டும்தான் ஃபீட்பேக்காகத் திரும்புகிறது. கண்ட்ரோலர் என்பது மாடலின் தலைகீழ், அதோடு ஒரு ஃபில்டர். டெட் டைமைத் தலைகீழாக்க முடியாது, நாளைக்கு வரப்போவதை இன்றே தெரிந்தால்தான் அது நடக்கும், ஆகவே அதை அப்படியே விட்டுவிடுகிறோம். ஃபில்டரின் டைம் கான்ஸ்டன்ட்தான் லாம்டா. செட்பாயின்டை மாற்றினால் எவ்வளவு வேகத்தில் போய்ச் சேர வேண்டும் என்று நாம் கேட்கிற வேகம் அது.

கார்சியாவும் மொராரியும் 1982-இல் இந்த அமைப்பை முறையாக எழுதினார்கள். 1986-இல் ரிவேரா, மொராரி, ஸ்கோகெஸ்டாட் மூவரும் எளிய மாடல்களுக்கு இந்த வழியில் போனால் கடைசியில் கையில் கிடைப்பது நமக்குப் பழக்கமான பி.ஐ.டி. தான் என்று காட்டினார்கள். லாம்டா என்ற பெயர் அதற்கும் முந்தியது. 1968-இல் டாலின் டிஜிட்டல் கண்ட்ரோலருக்கு எழுதிய விதியிலிருந்து வந்து, பிறகு காகித ஆலைக்காரர்களிடம் நன்றாக வேரூன்றியது. இரண்டு வழியும் வந்து சேருவது இந்த இரண்டு வரிக்குத்தான்:

```
Kc = tau / (K * (lambda + theta))
Ti = tau
```

இதில் Kc கண்ட்ரோலரின் கெயின், Ti அதன் இன்டெக்ரல் நேரம், K ப்ராசஸின் கெயின், tau டைம் கான்ஸ்டன்ட், theta டெட் டைம்.

சரி, நம் லூப். கலக்கியோடு கூடிய ஒரு தொட்டி, நீராவிச் சுருளால் சூடாகிறது, வெப்பநிலை டிரான்ஸ்மிட்டரின் அளவெல்லை 0 முதல் 100 டிகிரி. எல்லை 100 என்பதால் ஒரு டிகிரியும் ஒரு சதவீதமும் ஒன்றே, கணக்குக்கு வசதி. கண்ட்ரோலரை மேனுவலில் வைத்து வால்வை 40-இலிருந்து 45 சதவீதத்துக்குத் தள்ளினால் வெப்பநிலை 70-இலிருந்து 80-க்குப் போய் நிற்கிறது. ஆக K = 2. மொத்த மாற்றத்தில் 28.3% வந்தது 153-ஆவது வினாடியில், 63.2% வந்தது 420-ஆவது வினாடியில். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஒன்றரையால் பெருக்கினால் டைம் கான்ஸ்டன்ட் 400 வினாடி. 420-இலிருந்து அதைக் கழித்தால் டெட் டைம் 20 வினாடி.

இந்த லூப்பைத் தொந்தரவு செய்வது எது என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முடிவே அதில்தான் இருக்கிறது. இங்கே செட்பாயின்ட் வாரத்துக்கு ஒரு முறை மாறினால் அதிகம். ஆனால் பக்கத்தில் இன்னொரு பெரிய ஹீட்டர் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் நீராவி அழுத்தம் விழுகிறது. அதன் விளைவு நம் வால்வை 10% மூடியதற்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி, பலர் கைப்பழக்கமாகச் செய்வது. லாம்டாவை டைம் கான்ஸ்டன்டுக்குச் சமமாக வைப்பது, அதாவது 400. சிலர் மூன்று மடங்கு வரை போவார்கள், அதை இங்கே எடுக்கவில்லை. Kc = 400 / (2 × 420), சுமார் 0.48. Ti = 400 வினாடி. செட்பாயின்டை மாற்றிப் பார்த்தால் அழகாக இருக்கும், மேலே தாண்டாமல், ஆடாமல், திறந்த லூப்பின் வேகத்திலேயே நிதானமாகப் போய்ச் சேரும். அதைப் பார்த்துத் திருப்தியாகிப் பலர் அடுத்த லூப்புக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் நீராவி அழுத்தம் விழுந்தால் தொட்டி ஏறக்குறைய ஏழரை டிகிரி வரை இறங்குகிறது, திரும்பி 0.2 டிகிரிக்குள் வர நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகிறது.

இரண்டாவது வழி, லாம்டாவை டெட் டைமுக்குச் சமமாக, 20 என்று இறுக்குவது. Kc = 400 / (2 × 40) = 5. Ti அதே 400. கெயின் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நிலைத்தன்மை நன்றாகவே இருக்கிறது. லாம்டாவும் டெட் டைமும் சமமாக இருந்தால் கெயின் மார்ஜின் 3.14, ஃபேஸ் மார்ஜின் 61 டிகிரி, இது எந்த ப்ராசஸானாலும் மாறாத எண். அதே 10% தொந்தரவுக்கு இப்போது இறக்கம் இரண்டு டிகிரிக்குள் நின்றுவிடுகிறது. ஏழரை எங்கே, இரண்டு எங்கே.

ஆனால் ட்ரெண்டைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று உறுத்தும். சரிவு சீக்கிரம் நிற்கிறது, பிறகு செட்பாயின்டுக்குத் திரும்புவது மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது, 0.2 டிகிரிக்குள் வர கால் மணி நேரத்துக்கு மேல். லாம்டா 20 வினாடி என்று கேட்டோமே, ஏன் இப்படி? ஐ.எம்.சி. வழியில் Ti-யை டைம் கான்ஸ்டன்டோடு கட்டும் விதிகளுக்கு உள்ள சிக்கல் இதுதான், இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

Ti-யை டைம் கான்ஸ்டன்டுக்குச் சமமாக வைக்கும்போது கண்ட்ரோலர் ப்ராசஸின் மெதுவான பகுதியை அடித்துவிடுகிறது. மாடலைத் தலைகீழாக்கியதன் விளைவு அது. செட்பாயின்டிலிருந்து வரும் பாதையில் அடிபடுவது நிஜம், அதனால்தான் அங்கே எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் நீராவி அழுத்தம் விழுவது கண்ட்ரோலர் வழியாக வரவில்லை, அது நேராக ப்ராசஸின் வாசலில் நுழைகிறது. அந்தப் பாதையில் 400 வினாடியின் மெதுத்தன்மை அடிபடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது வழியில் தொந்தரவுக்குப் பிந்திய வால் ஒவ்வொரு 400 வினாடிக்கும் 37 சதவீதமாகத் தேய்கிறது. லாம்டாவை 20-இலிருந்து 10 ஆக்கினாலும் அந்த 400 மாறாது, வாலின் உயரம் குறையும், நீளம் குறையாது. செட்பாயின்டை மட்டும் மாற்றிச் சோதித்தால் இது ஒருநாளும் கண்ணில் படாது. ஆட்டோவில் ஓடும்போது தொந்தரவு மாதிரி ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கண்ட்ரோலர் அவுட்புட்டோடு ஃபீட்ஃபார்வர்டு சிக்னல் கூட்டுகிற இடம் இருந்தால் அங்கே ஐந்து சதவீதம் சேர்த்துப் பார்ப்பது எளிது.

மூன்றாவது வழி இதைத்தான் சரிசெய்கிறது. நார்வேயின் ஸ்கோகெஸ்டாட், அதே 1986 கட்டுரையின் மூவரில் ஒருவர், 2003-இல் வெளியிட்ட எஸ்.ஐ.எம்.சி. விதி. Kc-க்கு அதே சூத்திரம். Ti-க்கு மட்டும் ஒரு மேல் வரம்பு:

```
Ti = min(tau, 4 * (lambda + theta))
```

நம் தொட்டிக்கு 4 × 40 = 160. அது 400-ஐ விடச் சிறியது, ஆகவே Ti = 160 வினாடி, Kc அதே 5. இறக்கத்தின் ஆழம் கிட்டத்தட்ட மாறவில்லை, இன்னும் 1.8 டிகிரி அளவுதான். ஆழத்தைத் தீர்மானிப்பது Kc, அது இரண்டிலும் ஒன்றே. ஆனால் மீள்வது ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

மூன்றையும் ஒரே எண்ணால் எடைபோட ஒரு சுலபமான வழி உண்டு. ப்ராசஸ் வாசலில் வரும் ஒரு ஸ்டெப் தொந்தரவுக்கு, பிழையை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் மொத்தம், தொந்தரவின் அளவை Ti / Kc-ஆல் பெருக்கியது. தோராயம் இல்லை, லூப் நிலையாக இருந்து வால்வு முட்டாதவரை இது சரியாகவே வரும். 10% தொந்தரவுக்கு முதல் வழியில் 8400 டிகிரி-வினாடி, இரண்டாவதில் 800, மூன்றாவதில் 320. யாராவது ஒரு ட்யூனிங்கைக் காட்டி "இது எப்படி" என்று கேட்டால் மாடல் கையில் இல்லாவிட்டாலும் Ti / Kc-ஐ முதலில் வகுத்துப் பார்த்துவிடலாம்.

அப்படியானால் மூன்றாவதையே எப்போதும் போட்டுவிடலாமா? இல்லை, அதற்கு விலை உண்டு. Ti-யைக் குறைத்ததால் செட்பாயின்ட் மாற்றத்துக்கு வெப்பநிலை இலக்கைத் தாண்டி ஏறி இறங்கும், நன்றாகவே தெரியும் அளவுக்கு. வாரம் ஒரு முறை மாறும் செட்பாயின்டுக்கு இது பொருட்டில்லை, ஆபரேட்டர் ஏற்றும்போது செட்பாயின்ட் மெதுவாக ஏறும்படி ராம்ப் வைத்துவிடலாம், அல்லது ப்ரொப்போர்ஷனல் பகுதி செட்பாயின்டைப் பார்க்காமல் அளவை மட்டும் பார்க்கும்படி மாற்றலாம். இப்போதைய கண்ட்ரோலர்கள் பலவற்றில் அந்தத் தேர்வு இருக்கிறது. ஆனால் இதே லூப் ஒரு கேஸ்கேடின் உள் லூப்பாக இருந்து, செட்பாயின்ட் எந்நேரமும் நகர்ந்துகொண்டே இருந்தால், நான் இரண்டாவது வழிக்கே போவேன்.

இரண்டாவது விலை வால்வுக்கு. Kc = 5 என்றால் அளவில் 0.3 டிகிரி சலசலப்பு வால்வில் ஒன்றரை சதவீத ஆட்டமாக வரும். இது டெட் டைமுக்குச் சமமான லாம்டாவின் விலை, Ti-யோடு சம்பந்தமில்லை, இரண்டாவதும் மூன்றாவதும் சமமாகவே கொடுக்கும். வால்வு ஒட்டிக்கொள்கிற ரகமாக இருந்தால் அது சிறு படிகளில் குதிக்கும், லூப் ஓயாமல் ஒரே அகலத்தில் ஆடும், ட்யூனிங் தவறு என்று எல்லோரும் கண்ட்ரோலரை நோண்டுவார்கள். மேனுவலில் போட்டுப் பாருங்கள். ஆட்டம் நின்று, ஆட்டோவுக்குப் போனதும் வால்வு சிக்னல் முக்கோண வடிவில் ஏறி இறங்கினால் வால்வைக் கழற்றுவதுதான் வேலை, லாம்டாவைத் தேடுவதில்லை.

அதனால் இந்தத் தொட்டிக்கு நான் முதலில் போடுவது லாம்டா 60, டெட் டைமின் மூன்று மடங்கு. Kc = 400 / (2 × 80) = 2.5, Ti = 4 × 80 = 320. கூட்டுப்பிழை 1280, இறக்கம் மூன்று டிகிரி அளவில், வால்வு ஆட்டம் பாதி. அது போதும் என்று உற்பத்திப் பிரிவு சொன்னால் அங்கேயே விட்டுவிடலாம். போதாது, வால்வும் நல்ல நிலையில் இருக்கிறது என்றால் 20 வரை இறக்கலாம். கவனிக்க வேண்டியது, லாம்டாவை மாற்றும்போது Kc, Ti இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். "கொஞ்சம் ஆடுகிறது, கெயினை மட்டும் குறைப்போம்" என்று Ti-யை 160-இலேயே விட்டுவிட்டு Kc-ஐ மட்டும் குறைத்தால் இன்டெக்ரல் பங்கு மேலோங்கிவிடும். நம் தொட்டி தானாகவே அடங்கும் சுபாவம் உள்ளது, ஓரளவு தாக்குப்பிடிக்கும். தானாக அடங்காத லெவல் லூப்பில் இதைச் செய்தால் நீண்ட, சோம்பேறித்தனமான ஆட்டம் தொடங்கும், அதைப் பார்த்துக் கெயினை இன்னும் குறைப்பார்கள், ஆட்டம் இன்னும் மோசமாகும். அங்கே மருந்து நேர் எதிர், கெயினை ஏற்றுவது அல்லது Ti-யை நீட்டுவது.

முதல் வழியைக் குறை சொல்லியே எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்கும் சரியான இடம் உண்டு. காகித ஆலையில் மூன்று நான்கு கூழ் ஓட்டங்களை ஒரு விகிதத்தில் கலக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உற்பத்தி வேகம் மாறும்போது எல்லா ஓட்டங்களும் ஒன்றாக நகர வேண்டும், இல்லையென்றால் மாறும் நேரம் முழுக்க விகிதம் கெட்டுப்போகும். எல்லா லூப்புக்கும் ஒரே லாம்டா, அதிலேயே மெதுவான லூப் தாங்கும் அளவுக்கு, போட்டுவிட்டால் வேலை முடிந்தது. வேகமான லூப்பை வேண்டுமென்றே மெதுவாக்குகிறோம், இதைக் கேட்டபடி செய்து கொடுக்க லாம்டாவைவிட நேரடியான கைப்பிடி வேறில்லை. ஸீக்லர்-நிக்கல்ஸ் 1942-இல் கொடுத்த விதியில் இப்படி வேகத்தைக் கேட்டு வாங்க இடமே இல்லை, அது எடுத்த எடுப்பில் கால்வாசித் தேய்வு என்ற ஆட்டத்தோடுதான் வரும். அடுத்தடுத்து ஒன்றையொன்று இடிக்கும் லூப்புகளில் ஒன்றை மற்றதைவிடச் சில மடங்கு மெதுவாக்கிப் பிரித்து வைப்பதற்கும் இதே பெரிய லாம்டா உதவும்.

டெட் டைம் பெரிதாக உள்ள லூப்புகளில் இந்த ஒப்பீடே தேவையில்லை. லாம்டா டெட் டைமுக்குச் சமம் என்று வைத்தால் எஸ்.ஐ.எம்.சி. வரம்பு டெட் டைமின் எட்டு மடங்கு. டைம் கான்ஸ்டன்ட் அதைவிடச் சிறியதாக இருந்தால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே எண்ணையே தரும். பெரும்பாலான ஃப்ளோ லூப்புகளும் கன்வேயர், நீண்ட குழாய் உள்ள லூப்புகளும் அந்தப் பக்கம்தான், அங்கே பேச வேண்டியது லாம்டாவைப் பற்றி மட்டும். ஆக, மாடல் கிடைத்ததும் முதலில் டைம் கான்ஸ்டன்டை டெட் டைமால் வகுத்துப் பாருங்கள். நம் தொட்டிக்கு 20, எட்டைத் தாண்டி வெகுதூரம்.

டெரிவேட்டிவோடு கூடிய ஐ.எம்.சி.-பி.ஐ.டி. விதி என்று இன்னொன்றும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். டெட் டைமைப் பாடே முறையில் தோராயமாக்கினால் அது வரும். நம் எண்களுக்கு, லாம்டா 20-க்கு, Kc சுமார் 6.8, Ti 410, Td பத்து வினாடிக்குள். Ti இன்னும் டைம் கான்ஸ்டன்டோடுதான் கட்டப்பட்டிருக்கிறது, அதே நீண்ட வால் இங்கேயும் உண்டு, கூடவே சலசலப்பை இன்னும் பெரிதாக்கும் டெரிவேட்டிவ். தெர்மோவெல் போல இரண்டாவது ஒரு தெளிவான தாமதம் மாடலில் தெரிந்தால் டெரிவேட்டிவ் பயன்படும், இல்லாவிட்டால் எனக்கு அதில் ஆர்வமில்லை.

இப்போது மாடலின் நம்பகத்தன்மை. மேலே டெட் டைமை 420-இலிருந்து 400-ஐக் கழித்து எடுத்தோம். இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம் சிறிய எண், இது ஆபத்தான கணக்கு. 28.3% நேரத்தைப் பத்து வினாடி தவறாகப் படித்தால் டெட் டைமில் பதினைந்து வினாடி பிசகும், 20 என்பது 5 ஆகவோ 35 ஆகவோ வரும். 5 என்று நம்பி லாம்டாவும் 5 வைத்தால் Kc 20-ஐத் தாண்டும், அந்தத் தொட்டி ஆடியே தீரும். ஆகவே இப்படிப்பட்ட லூப்பில் டெட் டைமை சூத்திரத்தால் எடுக்காமல், ட்ரெண்டின் தொடக்கத்தைப் பெரிதாக்கி, வால்வு நகர்ந்த நேரத்துக்கும் வெப்பநிலை நகரத் தொடங்கிய நேரத்துக்கும் இடைவெளியைக் கண்ணால் படிப்பதே நல்லது. டிரான்ஸ்மிட்டரில் டேம்பிங் வைத்திருந்தால் சோதனைக்கு முன்பே அதை முடிவு செய்துவிடுங்கள், பின்னால் கூட்டினால் அதுவும் டெட் டைம் மாதிரியே லூப்பைத் தின்னும்.

இன்னொரு பக்கம் ஒரு நல்ல செய்தி. Kc சூத்திரத்தில் tau-வும் K-யும் தனித்தனியாக வரவில்லை, ஒன்றை ஒன்றால் வகுத்த விகிதமாக வருகின்றன. எஸ்.ஐ.எம்.சி. வரம்பு செயல்படும் லூப்பில் Ti-க்கு tau தேவையே இல்லை. ஆக முழு அரை மணி நேரம் காத்திருந்து வெப்பநிலை அடங்கும்வரை பார்க்க வேண்டியதில்லை, அதற்குள் நீராவி அழுத்தம் ஒரு தடவையாவது விழுந்து சோதனையைக் கெடுத்திருக்கும். தொடக்கச் சரிவு போதும். வால்வை 5% தள்ளியதும் டெட் டைம் கழிந்து நிமிடத்துக்கு 1.5 டிகிரி வேகத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 0.025, வால்வின் ஒரு சதவீதத்துக்கு 0.005. Kc = 1 / (0.005 × 40) = 5. அதே எண், மூன்று நான்கு நிமிடச் சோதனையில். மேலும் கீழும் இரண்டு முறை தள்ளிப் பாருங்கள், இரண்டும் ஒத்துவராவிட்டால் வால்வில் தளர்ச்சி இருக்கிறது.

எந்த லோடில் சோதித்தோம் என்பதும் முக்கியம். தொட்டி வழியாக ஓடும் ஓட்டம் பாதியானால் அதே நீராவி பாதித் திரவத்தைச் சூடாக்குகிறது, K இரண்டு மடங்காகிறது. கலக்கும் தொட்டியில் டைம் கான்ஸ்டன்டும் கூடவே ஏறுவதால் விகிதம் பெரிதாக மாறாமல் தப்பித்துவிடலாம், ஆனால் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அந்த ஈடுகட்டல் முழுசாக வராது, டெட் டைமும் நீளும். அங்கே 3.14 மார்ஜின் பாதியாகி 1.57-க்கும் கீழே போகும், லூப் ஆடத் தொடங்கும் இடம் அதுதான். குறைந்த ஓட்டத்தில் ஒரு சோதனை, வழக்கமான ஓட்டத்தில் ஒன்று, இரண்டில் சிறிய Kc வருவதையே போட வேண்டும்.

கடைசியாக, எண்ணைத் தட்டும் இடம். நம் K ஒவ்வொரு சதவீதத்துக்கு எத்தனை சதவீதம் என்பது. டிரான்ஸ்மிட்டர் எல்லை 0–150 என்று இருந்திருந்தால் 10 டிகிரி என்பது 6.67%, K = 1.33, Kc 7.5 ஆகியிருக்கும். சில கண்ட்ரோலர் Kc கேட்காது, ப்ரொப்போர்ஷனல் பேண்ட் கேட்கும், 5-க்கு 20%. Ti-யை வினாடியில் கேட்டால் 160, நிமிடத்தில் கேட்டால் 2.67, நிமிடத்துக்கு எத்தனை ரிப்பீட் என்று கேட்டால் 0.375. தனித்தனி கெயின் கேட்கும் வகையானால் Ki = Kc / Ti, வினாடிக்கு 0.031, அந்த வகையில் பின்னால் Kc-ஐ மட்டும் மாற்றினால் Ti-யும் சத்தமில்லாமல் மாறிவிடும்.